மண்டி ஐயாவுக்கு ஒரு கடிதம்

போன வாரம் என் மகன் ஒரு கடிதம் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான். திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு மண்டிக்குப் பூவன் தார் போட்டதில் நமக்கு வரவேண்டிய பாக்கி. மண்டிக்காரர் எண்பதை நெருங்குகிறவர். இப்போ ஸ்ரீரங்கத்துல வீட்டோட இருக்கார். காது மந்தம், போன்ல பேச முடியாது. கல்லாவில் இருக்கும் அவர் மகன் மூணு மாசமா "அப்பாவைக் கேட்கணும்"னே சொல்லிட்டிருக்கார். அதனாலதான் கடிதம்.

பையன் எழுதினதில் மேலே "உயர்திரு ஐயா அவர்கள் சமூகத்திற்குத் தாழ்மையுடன் விண்ணப்பிப்பது" என்று இருக்கு. கீழே "உடனே பணத்தை அனுப்பவும்" என்று இருக்கு. தலை கலெக்டர் மனு, வால் கடன் நோட்டீஸ்! பெரியவர் படித்தால் முதல் வரிக்குச் சிரிப்பார், கடைசி வரிக்குக் கோபப்படுவார்.

என்னைக் கேட்டால், மரியாதை கூப்பிடுற விதத்திலும் வினைச்சொல்லிலும் இருந்தால் போதும். கணக்கில் குழைய வேண்டியதில்லை. நான் மாற்றி எழுதினது இது:

"மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு வணக்கம். தாங்களும் வீட்டில் அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தை 12-ஆம் தேதி தங்கள் மண்டிக்கு அனுப்பிய 110 பூவன் தாருக்குச் சீட்டுப்படி வரவேண்டியது 28,400 ரூபாய். இதில் 15,000 ரூபாய் பெற்றுக்கொண்டேன். மீதி 13,400 ரூபாய். தங்கள் மகனிடம் கேட்டபோது, தங்களைக் கேட்க வேண்டும் என்றார். சித்திரை முடிவதற்குள் கிடைத்தால் அடுத்த நடவுக்கு உதவியாக இருக்கும். அவரிடம் சொல்லி அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். சீட்டின் நகலை இணைத்துள்ளேன். இப்படிக்கு, தங்கள் அன்புள்ள..."

"தாங்கள்" என்று தொடங்கினால் கடைசிவரை தாங்கள், தங்கள்தான். நடுவில் "உங்க மண்டி" வந்தால், ஏதோ புத்தகத்தைப் பார்த்து மேல்வரியை எழுதினது போலத் தெரிஞ்சிடும். "அனுப்பவும்" என்பது ஆபீஸ் உத்தரவு, வயசில் மூத்தவருக்கு ஆகாது. "அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்பதில் கேட்பதும் இருக்கு, கெஞ்சலும் இல்லை. அவர் மகனை நேரில் "என்ன தம்பி"ன்னுதான் கூப்பிடுவேன். ஆனா அப்பாவுக்கு எழுதும்போது அவர் "தங்கள் மகன்", "என்றார்"தான். "சொன்னான்" என்று எழுதினால் அடி அப்பாவுக்கும் விழும்.

பேரோடு சாதிப் பட்டம் சேர்ப்பதும் எனக்குப் பிடிக்காது. உறையின் மேல் "திரு", பேர், "அவர்கள்" போதும்.

சித்திரை போயும் பதில் இல்லேன்னா அடுத்தது வேற கடிதம். அதில் அனுப்புநர், பெறுநர், தேதி, பொருள் எல்லாம் போட்டு, ஸ்பீடு போஸ்டில் பதிவு போட்டு அனுப்பணும். நலம் விசாரிப்பு அதில் வராது. ஆனா "ஐயா"வும் "தாங்க"ளும் அப்பவும் இருக்கும். நாளைக்கும் தார் ஏத்திக்கிட்டு அதே மார்க்கெட்டுக்குத்தானே போகணும்?