345 ரூபாய்க்கு ஒரு கடுதாசி

கோபத்தில் எழுதுகிற கடிதம் பெரும்பாலும் எதிராளிக்குத்தான் உதவுகிறது. கல்லூரித் தோழன் ஒருவன் (இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலை, தை பிறந்தால் பெண் பார்க்கப் போகிறார்கள்) நாலு பக்கத்துக்கு ஒன்று எழுதி எடுத்துக்கொண்டு வந்தான். ‘சமூக விரோதச் செயல்’, ‘மனசாட்சியை விற்றவர்கள்’ எல்லாம் தாராளமாக இருந்தது. மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் கேட்டிருந்தான். பொருள் வாங்கிய தேதியை மட்டும் காணோம்.

“நீ பி.காம்.தானே, கொஞ்சம் திருத்திக் குடுடா” என்றான். அவனும் பி.காம்.தான்.

விஷயம் இதுதான். 2025 நவம்பர் 8, சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுப் பக்கத்து ஃபேன்சி ஸ்டோரில் 50 கிராம் முக க்ரீம் வாங்கினான். விலை 345 ரூபாய். ராத்திரி மூடியைத் திறந்தால், வெள்ளையாக இருக்க வேண்டியது லேசான மஞ்சள். மேலே எண்ணெய் தனியாகப் பிரிந்து நிற்கிறது. கெட்டுப்போன தேங்காய் எண்ணெய் வாசனை. நல்லவேளை, முகத்தில் தடவவில்லை.

அட்டைப்பெட்டியைப் புரட்டினான். காலாவதி தேதி என்று தனியாக எதுவும் இல்லை. ஓர் ஓரத்தில் ‘தயாரிப்பு 03/2023’. எறும்பு எழுதிய மாதிரி எழுத்தில் இன்னோர் ஓரத்தில், ‘தயாரித்ததிலிருந்து 24 மாதங்களுக்குள் உபயோகிக்கவும்’. அதாவது, கூட்டிக் கழிக்கிற வேலை நமக்கு. இதில் 24 மாதம் 2025 பிப்ரவரியோடு முடிகிறதா, மார்ச்சோடா என்று பட்டிமன்றம் வைக்கலாம். எப்படிப் பார்த்தாலும் நவம்பரில் க்ரீமுக்கு ஏழெட்டு மாதத் திதி கொடுத்தாகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போனான். முதலாளி பெட்டியைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், இவனைப் பார்த்தார். “இது கம்ப்யூட்டர் பில் போடுற கடை சார். பழசு வெளியவே போகாது. பாருங்க, பெட்டியில எம்.ஆர்.பி. 325, பில்லுல 345. எங்கேயோ வாங்கின பழச எடுத்துட்டு வந்து இங்க தர்றீங்களா?” என்றார், ஐந்தாறு பேர் நிற்கும்போது. அதில் ஒருத்தர் இவனுடைய வீட்டுச் சொந்தக்காரர்.

நாலு பக்கமும் ஒரு லட்சமும் பிறந்தது இங்கேதான். க்ரீம் போனால் போகட்டும், ஏமாற்றுப் பேர்வழி என்றல்லவா ஆகிவிட்டான்.

ஆனால் முதலாளியின் கேள்வி நியாயமான கேள்வி. நீங்கள் பணம் திரும்பக் கேட்டு எழுதினாலும் அதற்குத்தான் முதலில் பதில் வேண்டும். க்ரீம் காலாவதி என்பதைப் பெட்டியே சொல்லிவிடும். இந்தக் க்ரீம் இந்தக் கடையில் வாங்கியது என்பதை யார் சொல்வது?

நான் கேட்டேன்: “பெட்டியில கடை ஸ்டிக்கர் ஏதாவது இருக்கா?” இருந்தது. கீழே, சின்ன வெள்ளை ஸ்டிக்கர். கடைப் பெயரின் முதல் எழுத்துக்களும் ஒரு நம்பரும். பாதி வழக்கு அங்கே முடிந்தது.

மீதிப் பாதி அந்த 20 ரூபாய் வித்தியாசம். பெட்டியில் இருக்கிற பார்கோடு, பொருள் எதுவென்று மட்டும்தான் சொல்லும். எப்போது தயாரித்தது என்பது சாதாரணமாக அதில் இருக்காது. இரண்டு வருஷப் பழசுக்கும் போன வாரம் வந்ததற்கும் ஒரே கோடுதான். ‘பீப்’ என்றதும் கம்ப்யூட்டர் அதில் ஏற்றியிருக்கிற புது விலையைப் போட்டுவிடும். ஆகவே கம்ப்யூட்டர் பில் போடுகிற கடையில் பழசு வெளியே போகாது என்பது வெறும் நம்பிக்கை. முதலில் வந்தது முதலில் போகவேண்டும் என்று பி.காம்.மில் படித்தோம். கடைப் பையன் படிக்கவில்லை. புதுச் சரக்கை முன்னால் அடுக்குவான், பழசு ஷெல்ஃபின் இருட்டுக்குள் போய்விடும். ஏதோ ஒரு சனிக்கிழமை முன்வரிசை காலியானதும் கை உள்ளே போகும்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு, நாலு பக்கத்தை இப்படிச் சுருக்கினேன்:

‘ஐயா, 8.11.2025 அன்று உங்கள் கடையில் (பில் நம்பர், பொருளின் பெயர்) 50 கிராம் க்ரீம் ஒன்றை ரூ.345 கொடுத்து வாங்கினேன். பெட்டியில் தயாரிப்பு மாதம் 03/2023 என்றும், 24 மாதங்களுக்குள் உபயோகிக்க வேண்டும் என்றும் அச்சாகியுள்ளது. பேட்ச் நம்பர் (இன்னது). விற்ற தேதிக்கு முன்பே கெடு முடிந்துவிட்டது. பெட்டியில் உங்கள் கடை ஸ்டிக்கர் உள்ளது. அச்சிட்ட விலை ரூ.325, பில்லில் ரூ.345. இதே பேட்ச் உங்களுக்கு வந்ததா என்பதை உங்கள் கொள்முதல் பில்களிலும் ஷெல்ஃபிலும் சரிபார்க்க வேண்டுகிறேன். 9-ம் தேதி நேரில் வந்து கேட்டபோது மறுத்துவிட்டீர்கள். ரூ.345-ஐ 15 நாட்களுக்குள் திருப்பித் தரவும். தவறினால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகுவேன். இணைப்பு: பில் நகல், பெட்டியின் போட்டோக்கள்.’

“அவ்வளவுதானா?” என்றான், சாம்பார் இல்லாத இட்லியைப் பார்க்கிற மாதிரி.

அவ்வளவுதான். முதலாளி எதை ஆயுதமாக எடுத்தாரோ, அந்த 325-ஐ நாமே எழுதிவிட்டோம் பாருங்கள். பெட்டியில் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்குவது தனிக் குற்றம். பெட்டி தன்னுடையது என்று ஒப்புக்கொண்டால் இது வரும் என்று அவருக்கே புரியும். நாம் மிரட்ட வேண்டியதில்லை. முகத்தில் தடவாமல் முகம் வெந்துவிட்டது என்று எழுதினால் டாக்டர் சீட்டுக் கேட்பார்கள். ஒரு லட்சத்தை அடித்தேன்.

“பில்லுக்குப் பின்னால ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ன்னு போட்டிருக்கேடா?”

போடட்டும். 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(47), குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு பணம் தர மறுப்பதை முறையற்ற வணிகம் என்கிறது. பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள். கலர் பிடிக்கவில்லை என்று திருப்புகிறவருக்கு இது உதவாது. காலாவதிச் சரக்குக்கு உதவும். அதனால்தான் தேதி முக்கியம். டிசம்பர் முதல் வாரத்துக்குள் கடிதம் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

அவனுக்கு இன்னொரு கவலை. “அந்த கவுன்ட்டர் பையன் சம்பளத்துல பிடிச்சிடுவாங்களாடா?” பிடிப்பார்கள். சில கடைகளில் வழக்கம்தான். ஒரு வரி சேர்த்தோம்: ‘இது சரக்கு இருப்பைப் பற்றிய புகார், ஊழியர் மீது எனக்குப் புகார் இல்லை.’

க்ரீமையும் ஒரிஜினல் பில்லையும் கடிதத்தோடு அனுப்பிவிடாதீர்கள். பணம் கைக்கு வரும்வரை அவை உங்கள் பீரோவில் இருக்கட்டும். ரிஜிஸ்தர் தபால் 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டோடு ஐக்கியமாகிவிட்டதால், ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்தினால் சரி. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கிறது. அதற்கப்புறம் ஆணையம். பொருளின் விலை 5 லட்சம் வரை அங்கே மனுக் கட்டணம் கிடையாது.

அதுவரை போகவில்லை. ஒன்பதாவது நாள் முதலாளியே போன் செய்தார். ஷெல்ஃபின் பின்னால் அதே பேட்ச் இன்னும் மூன்று இருந்ததாம். “நேர்ல வாங்க தம்பி, அன்னிக்கு ஏதோ டென்ஷன்” என்றார். தோழன் போகும்போது வீட்டுச் சொந்தக்காரரையும் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனான், விவரமான பையன். முதலாளி மூன்று நூறும் இரண்டு இருபதும் எண்ணிக் கொடுத்தார். சில்லறை இல்லையென்று மிச்ச அஞ்சு ரூபாய்க்கு ஒரு சாக்லேட்டை நீட்டினார்.

தோழன் அதை வாங்கிப் பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தானாம்.