படம் அழிந்த பின்னர்

வெள்ளவத்தை மாணவி ஒருத்தியின் கைத்தொலைபேசியிலிருந்த கேத்திரகணிதப் படம் அழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கொட்டாஞ்சேனையிலுள்ள ஆசிரியரிடம் அவள் கணக்கை வாயால் சொல்கிறாள்: "முக்கோணி ABC. AB 10 சென்ரிமீற்றர், BC 6 சென்ரிமீற்றர், கோணம் BAC 30 பாகை. AC எவ்வளவு?"

அளவுகள் சரி, ஆயினும் போதா. B இலிருந்து AC இற்குச் செங்குத்துத்தூரம் 5. ஆகவே B ஐ மையமாகக் கொண்ட 6 சென்ரிமீற்றர் ஆரை வட்டம் அக்கோட்டை இரண்டு இடங்களில் வெட்டும். AC ஏறத்தாழ 12.0 ஆகவோ 5.3 ஆகவோ இருக்கலாம். படம் சொல்லாமலே காட்டியதை அவள் சொல்லவில்லை. "கோணம் ACB விரிகோணம்" என்று சேர்த்தால் 5.3 மட்டுமே எஞ்சும்.

எங்கள் வகுப்புகள் அளவுகளை ஒப்புவிக்கப் பழக்குகின்றன. உருவத்தைச் சொல்லப் பழக்குவதில்லை. கேட்பவர் இரண்டு படங்கள் வரைய முடியுமாயின், சொன்னது இன்னும் முழுமையாகவில்லை.