'ஆதார் லிங்க் ஆகியிருக்கு'ன்னு பேங்க்ல சொல்றாங்க... ஆனால் ஸ்காலர்ஷிப் பணம் ஏன் வரலை?

போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்த கல்லூரி மாணவி ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். விண்ணப்பம் சரிபார்க்கப்பட்டுவிட்டது. வகுப்புத் தோழிகளுக்குப் பணம் வந்துவிட்டது. இவருக்கு மட்டும் வரவில்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டால், "ஆதார் சீடிங் ஆகலைம்மா, பேங்க்ல போய்க் கேளு" என்கிறார்கள். வங்கியில் கேட்டால், கணினியைப் பார்த்துவிட்டு, "எல்லாம் லிங்க் ஆகித்தான் இருக்கு, எங்க பக்கம் ஒண்ணும் பிரச்சினை இல்ல" என்கிறார்கள்.

இதில் யாரும் பொய் சொல்லவில்லை. கல்லூரி ஒரு பட்டியலைப் பற்றிப் பேசுகிறது, வங்கி வேறொரு பட்டியலைப் பற்றிப் பேசுகிறது. இரண்டையுமே நாம் 'ஆதார் இணைப்பு' என்று ஒரே பெயரில் சொல்வதால்தான் இந்தக் குழப்பம்.

பணம் எந்த வழியாக வருகிறது?

நண்பருக்குப் பணம் அனுப்பும்போது அவருடைய கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் கொடுக்கிறோம். பணம் நேராக அந்தக் கணக்குக்குப் போய்விடும். அரசின் நேரடிப் பணப் பரிமாற்றத்தில், அதாவது டி.பி.டி.யில், பல திட்டங்கள் இப்படி அனுப்புவதில்லை. பயனாளியின் ஆதார் எண்ணையும் தொகையையும் மட்டுமே அனுப்புகின்றன. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிக் கொடுத்த கணக்கு எண் இந்தப் பயணத்தில் பயன்படுவதே இல்லை.

அப்படியானால் பணம் எந்த வங்கிக்குப் போக வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? யு.பி.ஐ.யை நடத்தும் அதே என்.பி.சி.ஐ. அமைப்பிடம் 'மேப்பர்' என்றொரு பட்டியல் இருக்கிறது. அதில் ஒவ்வொரு ஆதார் எண்ணுக்கும் எதிரே ஒரு வங்கியின் அடையாள எண் இருக்கும். கவனிக்க வேண்டியது, அங்கே இருப்பது வங்கி மட்டும்தான், கணக்கு எண் அல்ல. மேப்பர் வங்கியைக் காட்டும். அந்த வங்கி தன் சொந்தப் பதிவைப் பார்த்து, அந்த ஆதாருக்கு உரிய கணக்கில் பணத்தை வரவு வைக்கும்.

ஆக, பணம் கைக்கு வர இரண்டு பதிவுகள் சரியாக இருக்க வேண்டும். மேப்பரில் உங்கள் ஆதாருக்கு எதிரே வங்கி இருக்க வேண்டும். அந்த வங்கிக்குள் உங்கள் ஆதாருக்கு எதிரே உயிரோடு இருக்கும் ஒரு கணக்கு இருக்க வேண்டும். இதில் ஒன்று இல்லையென்றாலும் பணம் வந்த வழியே திரும்பிவிடும்.

'லிங்க்' வேறு, 'சீடிங்' வேறு

கணக்கு தொடங்கும்போது கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுக்கிறோம். வங்கி அந்த எண்ணைத் தன் கணினியில் ஏற்றிக்கொள்கிறது. வங்கி ஊழியர் 'லிங்க் ஆகியிருக்கு' என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். ஆனால் இதனால் மட்டும் மேப்பரில் உங்கள் பெயருக்கு ஒரு வரி உருவாகிவிடாது.

அதற்கு, 'அரசின் மானியங்களை இந்தக் கணக்கில் பெற விரும்புகிறேன்' என்று நீங்கள் தனியாக ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகு வங்கி அந்த விவரத்தை என்.பி.சி.ஐ.க்கு ஏற்ற வேண்டும். இதற்குத்தான் 'சீடிங்' என்று பெயர். ஒப்புதல் படிவம் கொடுக்காமல் விட்டாலும், கொடுத்த படிவம் கிளையிலேயே தங்கிவிட்டாலும், வங்கியின் திரையில் 'லிங்க்' என்று இருக்கும், மேப்பரில் ஒன்றும் இருக்காது.

பள்ளிக் காலத்தில் கணக்கு தொடங்கிய மாணவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கணக்கு அம்மா அல்லது அப்பாவைக் காப்பாளராகக் கொண்டு தொடங்கப்பட்டிருக்கும். சில சமயம் அவர்களுடைய ஆதார்தான் அதில் ஏறியிருக்கும். உதவித்தொகையோ மாணவரின் ஆதாருக்கு அனுப்பப்படுகிறது. 18 வயது முடிந்த பிறகும் கணக்கை மாற்றிக்கொள்ளாமல் விட்டால், ஆதார் சரியாக இருந்தாலும் 'மேஜர் ஆனதற்கான ஆவணம் வரவில்லை' என்ற காரணத்துக்காகவே பணம் திரும்பிப் போகலாம்.

பணம் போனது, ஆனால் வேறெங்கோ!

மேப்பரில் ஓர் ஆதாருக்கு ஒரு வங்கிதான் இருக்க முடியும். எத்தனை கணக்கு வைத்திருந்தாலும், கடைசியாக எந்த வங்கியில் சீடிங் செய்தீர்களோ அதுதான் செல்லும். பழையது தானாக நீங்கிவிடும்.

மேலே சொன்ன மாணவிக்கு நடந்ததும் இதுதான் என்று வைத்துக்கொள்வோம். ஜூலையில் அரசு வங்கிக் கணக்கைக் கொடுத்து விண்ணப்பித்தார். அப்போது மேப்பரில் அதே வங்கிதான் இருந்தது. அக்டோபரில் மொபைல் செயலி வழியாக இன்னொரு வங்கியில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு தொடங்கினார். ஐந்து நிமிட வேலை. ஆதார் ஓ.டி.பி. போட்டார், வரிசையாக வந்த கட்டங்களில் டிக் செய்துகொண்டே போனார். அதில் ஒன்று, அரசின் பலன்களை இனி இந்த வங்கியில் பெறுவதற்கான ஒப்புதல். மேப்பர் மாறிவிட்டது. ஜனவரியில் அனுப்பப்பட்ட உதவித்தொகை, அவர் திறந்தே பார்க்காத அந்தச் செயலிக் கணக்குக்குப் போய்விட்டது. பழைய வங்கிப் பாஸ்புக்கை எத்தனை முறை என்ட்ரி போட்டாலும் அது தெரியப்போவதில்லை.

இது கற்பனை அல்ல என்பதற்கு 2017-ல் நடந்ததே சாட்சி. ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பேமெண்ட்ஸ் வங்கி, சிம் சரிபார்ப்புக்காக ஆதார் கொடுத்த வாடிக்கையாளர்களுக்குத் தெளிவாகத் தெரிவிக்காமலேயே கணக்குத் தொடங்கியதாகப் புகார் எழுந்தது. லட்சக்கணக்கானோரின் சமையல் எரிவாயு மானியம் அந்தக் கணக்குகளுக்குத் திரும்பியது. ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்தது, பணம் பழைய கணக்குகளுக்குத் திருப்பித் தரப்பட்டது. அதன் பிறகு, ஏற்கெனவே வேறு வங்கியில் சீடிங் இருந்தால், அந்த வங்கியின் பெயரைக் காட்டி வாடிக்கையாளரின் ஒப்புதலைப் பெற்றுத்தான் மாற்ற வேண்டும் என்று விதி இறுகியது. ஆனாலும் படிக்காமல் டிக் செய்யும் விரலை எந்த விதியும் தடுக்க முடியாது.

சீடிங் சரி... அப்படியும் வரலையே?

அப்படியானால் கோளாறு கணக்கில் இருக்கலாம். கே.ஒய்.சி. ஆவணங்கள் முழுமையாக இல்லாமல் தொடங்கப்படும் 'ஸ்மால் அக்கவுன்ட்' வகைக் கணக்கில் எந்த நேரத்திலும் 50,000 ரூபாய்க்கு மேல் இருப்பு இருக்கக் கூடாது, ஓர் ஆண்டில் மொத்த வரவு 1 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஆண்டு வரவு வரம்பைத் தாண்டினால் தொகை திரும்பிவிடலாம். கணக்கு மூடப்பட்டிருந்தாலும், முடக்கப்பட்டிருந்தாலும் அதே கதிதான்.

இரண்டு ஆண்டுகள் பரிவர்த்தனை இல்லாவிட்டால் கணக்கு செயலற்றதாகிவிடும் என்பது பொது விதி. ஆனால் உதவித்தொகைக்காகவும் டி.பி.டி.க்காகவும் தொடங்கப்பட்ட ஜீரோ பேலன்ஸ் கணக்குகளை இந்த விதிக்குள் கொண்டுவராமல் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது. 'அக்கவுன்ட் டார்மன்ட் ஆயிடுச்சு' என்று கிளையில் சொன்னால், இதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம்.

எங்கே பார்ப்பது, என்ன செய்வது?

முதல் வேலை, வங்கிக்கு ஓடுவது அல்ல. myaadhaar.uidai.gov.in தளத்தில் ஆதார் எண், ஓ.டி.பி. கொடுத்து உள்ளே போய் Bank Seeding Status என்ற பகுதியைப் பாருங்கள். எந்த வங்கி, நிலை Active-ஆ Inactive-ஆ, கடைசியாக எப்போது மாறியது என்ற மூன்றும் அங்கே தெரியும். ஆதாரில் மொபைல் எண் பதிவாகியிருந்தால்தான் ஓ.டி.பி. வரும். இல்லையென்றால் முதலில் ஆதார் மையத்தில் எண்ணைச் சேர்க்க வேண்டும்.

அங்கே வேறு வங்கியின் பெயர் தெரிந்தால், முதலில் அந்த வங்கிக் கணக்கின் இருப்பைப் பாருங்கள். பணம் அங்கேயே இருக்கலாம். அது உங்கள் கணக்குதான் என்பதால் எடுத்துக்கொள்ளலாம், இழப்பு ஒன்றுமில்லை. Inactive என்றோ, வங்கியே இல்லை என்றோ வந்தால், கிளைக்குப் போய், "கே.ஒய்.சி. இல்லைங்க, டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் செய்யணும்" என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேளுங்கள். படிவத்தில் புதிய சீடிங்கா, வேறு வங்கியிலிருந்து மாற்றமா என்று தனித்தனியாகக் கேட்டிருப்பார்கள். மாற்றம் என்றால் பழைய வங்கியின் பெயரையும் எழுத வேண்டும். படிவம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. சில வங்கிகளுக்கு என்.பி.சி.ஐ. இணையதளத்தில் உள்ள Bharat Aadhaar Seeding Enabler வழியாக வீட்டிலிருந்தே செய்யலாம். எப்படிச் செய்தாலும் சில நாள் கழித்து நிலை Active என மாறியதா என்று மறுபடியும் பாருங்கள்.

பலர் கோட்டை விடும் இடம் இதற்கு அடுத்ததுதான். இன்று சீடிங் செய்தால், போன மாதம் திரும்பிப் போன பணம் தானாக வந்துவிடாது. அதைத் துறைதான் மறுபடி அனுப்ப வேண்டும். நிலை Active ஆனதும் அதன் ஸ்கிரீன்ஷாட்டுடன் கல்லூரி உதவித்தொகைப் பிரிவில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

யாருடைய பொறுப்பு?

வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் ஆதாரை இணைத்தே ஆக வேண்டும் என்ற விதியை 2018 செப்டம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அரசு நிதியிலிருந்து வரும் மானியங்களுக்கு ஆதாரைக் கேட்கலாம் என்ற ஆதார் சட்டத்தின் 7-வது பிரிவை அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது. அதனால் சம்பளக் கணக்குக்கு ஆதார் உங்கள் விருப்பம், உதவித்தொகைக்கோ நடைமுறையில் கட்டாயம்.

போலிப் பயனாளிகளையும் தவறான கணக்கு எண்களையும் தவிர்ப்பதற்காக இந்த முறை வந்தது. அந்தப் பயன் உண்மைதான். ஆனால் பணம் திரும்பும்போது அதற்கான காரணம் வங்கிக்கும் துறைக்கும்தான் போகிறது. எஸ்.சி. மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டத்தில் செலவில் 60 சதவீதம் மத்திய அரசின் பங்கு. அந்தப் பங்கு மாணவரின் கணக்குக்கே வருகிறது, கல்லூரிக்கு அல்ல. பணம் வராத மாணவருக்குக் கட்டணக் கெடு மட்டும் நிற்காமல் ஓடுகிறது. 'உங்கள் பணம் இன்ன காரணத்தால் திரும்பிவிட்டது' என்று அவர் மொபைலுக்கே தமிழில் ஒரு குறுஞ்செய்தி வந்தால், கல்லூரிக்கும் வங்கிக்கும் இடையிலான பாதி அலைச்சல் மிச்சமாகும்.