இரண்டாவது ஜரிகை எங்கிருந்து வருகிறது?

ஒரே வியாபாரியிடம் பட்டும் ஜரிகையும் வாங்கினால்தான் நிறமும் கனமும் மாறாது, இரண்டாவது ஆளை வைத்தால் சேலைதான் கெடும் என்கிறார் ஒரு காஞ்சிபுரம் உற்பத்தியாளர். கனம் மாறும் என்பது உண்மை. ஒரே கரையில் இரண்டு கனத்தில் ஜரிகை ஓடினால் கரை சுருங்கும். அதற்காக மாற்று ஆளே வேண்டாம் என்பது தவறு. ஒரே பாவுக்குள் கலக்காமல், ஒரு பாவு முழுவதையும் இரண்டாமவர் சரக்கிலேயே நெய்யுங்கள். வித்தியாசம் தெரிந்தாலும் அந்தப் பாவோடு முடிந்துவிடும்.

2020 மார்ச் 25-இல் ஊரடங்கு வந்தபோது சூரத் ஜரிகையும் கர்நாடகப் பட்டும் வழியிலேயே நின்றன. பாவு ஏற்றியிருந்தும் ஊடைக்கு நூலில்லாவிட்டால் தறி நிற்கும். அன்று உள்ளூரில் இரண்டு வியாபாரிகள் இருந்தும் பயனில்லை, இருவருக்கும் சரக்கு சூரத்திலிருந்துதான் வந்தது என்றால். எனவே கடைப்பெயரைக் கேட்காதீர்கள், சரக்கு கிளம்பும் ஊரைக் கேளுங்கள். சூரத்துக்கு மாற்றாக, காஞ்சிபுரத்திலேயே அரசின் தமிழ்நாடு ஜரிகை நிறுவனம் இருக்கிறது.

மாற்று ஆளுக்கும் மாதாமாதம் ஒரு பாவுக்காவது ஆர்டர் கொடுங்கள். நெருக்கடியில் மட்டும் வருபவருக்கு அவர் ஏன் சரக்கு ஒதுக்க வேண்டும்?