கணக்கு நம்பிக்கையும் நம்மவர் நம்பிக்கையும்

சென்ற திங்கள் சங்கக் கூட்டம் முடிந்து யாவரும் கலையும் வேளையில், தாராவியில் நெடுங்காலமாகத் தோல் பை தைக்கும் கூடம் நடத்தி வரும் அன்பர் ஒருவர் நம்மைத் தனியே அழைத்தார். “அண்ணாச்சி, அளவெடுக்க வருகிறவர்களை நம்பிக் கதவைத் திறப்பதா, சாத்துவதா? கமிட்டியில் இருப்பவர் நம் ஊர்க்காரர். அவர் திறக்கச் சொல்லுகிறார். நான் யாரை நம்ப?” என்று கேட்டார். 2024 மார்ச்சில் தாராவியில் வீடுதோறும் கணக்கெடுப்புத் தொடங்கிய நாளிலிருந்து இக்கேள்வி பல வாய்களில் நம் செவிக்கு வந்ததுதான். அன்று நின்றபடியே விடை சொல்ல இயலவில்லை; இத்திங்கள் இப்பகுதியை அதற்கென்றே ஒதுக்கினோம்.

அன்பர் கேட்டது ஒரு கேள்வி அன்று, இரண்டு. அளவெடுக்க வருபவரை நம்புவது ஒருவகை, ஊர்க்காரரை நம்புவது வேறொரு வகை. பேரம் பேசுவோரிடையே நம்பிக்கை வளரும் விதத்தை ஆராய்ந்த ராய் லெவிக்கி, பார்பரா பங்க்கர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1990-களில் இவ்வேறுபாட்டை விளக்கி எழுதினர். எதிரில் இருப்பவர் சொல் தவறினால் அவருக்கே நட்டம் என்று கணக்கிட்டு நம்புவது முதல் வகை. அதைக் கணக்கு நம்பிக்கை என்போம். அவர் நலமும் நம் நலமும் ஒன்று, நாம் இல்லாத இடத்திலும் அவர் நமக்காகவே பேசுவார் என்று நம்புவது மற்றொரு வகை. அதை நம்மவர் நம்பிக்கை என்போம். இரண்டுக்கும் நடுவே, நெடுநாட் பழக்கத்தால் ஒருவர் போக்கை அறிந்து நம்புவதும் உண்டு. முதல் வகையை அவ்வறிஞர் பாம்பும் ஏணியும் ஆட்டத்துக்கு ஒப்பிட்டனர். ஏறுவது படிப்படியாக, இறங்குவதோ ஒரே சறுக்கு.

ஏட்டுப் பேச்சு இவ்வளவு போதும். இவ்விரண்டும் நம் கண்முன்னே ஒரே பேரத்தில் வளர்ந்தும் முறிந்தும் போன வரலாறு வடாலாவுக்கும் மான்குர்துக்கும் இடையே, குர்லா செம்பூர் வழியாகச் செல்லும் ஹார்பர் இரயில் பாதையின் ஓரத்திலேயே கிடக்கின்றது.

அப்பாதையின் இருமருங்கும் தண்டவாளத்தை ஒட்டிக் குடிசைகள் நெருங்கி நின்ற காலம் நம்மில் மூத்தோர்க்கு நினைவிருக்கும். குழந்தைகள் அடிபட்டு இறந்தனர். வண்டிகளும் வேகத்தைக் குறைத்தே ஊர்ந்தன. குடியிருப்போர்க்கு வீடு கட்டித் தருவது தன் தொழில் அன்று என்றது இரயில்வே. நிலம் இரயில்வேயினுடையது, ஆகையால் தான் தலையிட இயலாது என்றது மாநில அரசு. நகர்ந்தால் உள்ளதும் போய்விடும் என்று அஞ்சினர் மக்கள். காலி செய்த இடத்தில் மறுநாளே வேறு குடிசை முளைக்கும் என்று அஞ்சினர் அதிகாரிகள். யாரும் யாரையும் நம்பாமைக்கு அவரவர்க்குத் தக்க காரணம் இருந்தது.

இந்நிலையில்தான் ஜோக்கின் அற்புதம் என்னும் தமிழர் இடைபுகுந்தார். கோலார் தங்கவயலிற் பிறந்து 1963-இல் பம்பாய்க்கு வந்தவர்; மான்குர்தை அடுத்த ஜனதா காலனியில் வாழ்ந்தவர். பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தின் தேவைக்காக அக்காலனி 1976-இல் இடிக்கப்பட்டபோது, அங்கிருந்தோர் சீட்டா கேம்ப்பிற்கு அகற்றப்பட்டனர். அதற்கு முன்னரே, 1974-இல், தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பை அவர் தொடங்கியிருந்தார். பின்னாளில் ஸ்பார்க் என்னும் தொண்டு நிறுவனமும், பைகுல்லா நடைபாதைப் பெண்களின் மகிளா மிலனும் அவருடன் இணைந்தன. தாமும் இடிக்கப்பட்டவர் என்பதே அவருடைய முதல். ‘உம் கதவில் எண் எழுதப் போகிறோம்’ என்று நகராட்சி ஊழியர் சொன்னால் கதவு சாத்தப்படும். நடைபாதையில் வாழ்ந்து, இடிபாட்டையும் கண்ட ஒரு பெண் வந்து அதையே சொன்னால் தேநீரும் கிடைக்கும். நம்மவர் நம்பிக்கை எனப்படுவது இதுவே.

அந்நம்பிக்கையைக் கொண்டு அவர்கள் முதலில் செய்த வேலை எண்ணுவது. 1988-இல் இருப்புப்பாதை ஓரக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18,000 குடும்பங்கள் எண்ணப்பட்டன. ஒவ்வொரு குடிசைக்கும் எண் எழுதி, படம் வரைந்து, பட்டியலை அந்தச் சந்திலேயே உரக்கப் படிப்பார்கள். ஏறத்தாழ ஐம்பது வீடுகளுக்கு ஒரு குழு. ஒருவர் ஒரே குடிசையைத் தட்டியால் பிரித்து இரண்டு எண் வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்திலிருந்து வந்தவருக்கு அது தெரியாது. அடுத்த வீட்டு அம்மையாருக்குத் தெரியும். ‘அது ஒரே அடுப்புதான்’ என்று சபையில் அவர் சொன்னால் தீர்ந்தது. ஆனால் அதே அம்மையார் தம் தங்கை மகனுக்காக வாய் மூடியிருக்கவும் கூடும். இவ்வகை நம்பிக்கையின் வலிமையும் குறையும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

பட்டியல் கையில் வந்ததும் அரசோடு பேசுவது எளிதாயிற்று. அங்கே நம்மவர் என்ற பேச்சுக்கு இடமில்லை, கணக்குத்தான். உலக வங்கியின் கடனுதவியோடு இரயில் பாதைகளைப் பெருக்கும் மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டம் உருவாகிக்கொண்டிருந்தது. மக்களுக்கு மாற்றிடம் தராமல் அகற்றினால் கடன் தடைப்படும். ஆகவே சொல் தவறுவது அரசுக்கு நட்டம் என்னும் நிலை முதன்முறையாகப் பிறந்தது. ஓய்வுபெற்ற தலைமைச் செயலாளர் சுக்தங்கர் தலைமையில் 1995-இல் ஒரு பணிக்குழு அமைந்தது; 1997-இல் மாநில அரசு மறுகுடியமர்வுக் கொள்கையை வெளியிட்டது. குடும்பத்துக்கு 225 சதுர அடி வீடு, கட்டணமின்றி.

ஆயினும் கட்டடங்கள் எழும்பவில்லை. இரயில்வேக்கோ நிலம் உடனே வேண்டும். ஆகவே பேரத்தைச் சிறு துண்டுகளாக்கினர். முதலில் 120 சதுர அடித் தற்காலிகக் குடியிருப்பு. ஒரு குழு அங்கே குடிபுகுந்ததும் காலியான இடத்தில் சுவர். பின்னர் நிலையான வீடு. அதன் பின் அடுத்த குழு. ஒவ்வொரு படியிலும் இரு தரப்பும் இழக்கக்கூடியது சிறிது. முதற் குழுவுக்குக் கூரை கிடைத்ததை இரண்டாம் குழு நேரிற் சென்று கண்டது. சுவர் எழுந்ததை இரயில்வே கண்டது. கணக்கு நம்பிக்கை வளர இதைவிடச் சிறந்த வழி நாம் அறிந்தவரை இல்லை. பெரிய வாக்குறுதி ஒன்றை நம்பச் சொல்வதினும், சிறிய வாக்குறுதி பத்தை நிறைவேற்றிக் காட்டுவதே அதற்கு உணவு.

பின்னர் 2000 பிப்ரவரியில் பாம்பு கடித்தது. நடைபெற்று வந்த ஏற்பாட்டைப் பொருட்படுத்தாமல், ஹார்பர் பாதை ஓரத்தில் ஏறத்தாழ 2,000 குடிசைகளை இரயில்வே இடித்துத் தள்ளியது. மக்கள் கிளர்ந்தெழுந்தனர், அரசு குறுக்கிட்டது, இடிப்பு நின்றது. அத்துடன் எல்லாம் முறிந்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றும். முறியவில்லை, மாறாகக் குடியமர்த்தும் வேலை விரைவுற்றது. 2002-ஆம் ஆண்டுக்குள் 60,000-க்கும் மேற்பட்ட மக்கள், காவலர் தடி இன்றித் தாமே பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு மாறிச் சென்றிருந்தனர்.

ஏன் முறியவில்லை? நாம் காணும் காரணம் ஒன்று. இரயில்வேயை எவரும் நம்மவர் என்று எண்ணியதே இல்லை. சினம் இருந்தது, மனம் உடையவில்லை. உடைந்தது கணக்கு மட்டுமே. கடனும் வேண்டும், நிலமும் வேண்டும், வீடும் வேண்டும் என்னும் அடிப்படைக் கணக்கு மாறாதிருந்ததால், மேல்மட்டத்தில் கண்டித்து, வேலையை விரைவுபடுத்தியதும் அது மீண்டும் நிமிர்ந்தது.

அடுத்த முறிவு அவ்வாறு நிமிரவில்லை. அதே திட்டத்தின் சாலைப் பகுதியில் சாந்தாகுரூஸ்–செம்பூர் இணைப்புச் சாலையும் அடங்கும். அதன் வழியில் குர்லாவில் கடை வைத்திருந்தோர் பலர். அவர்களுட் சிலருடைய கடை 225 சதுர அடியைவிடப் பன்மடங்கு பெரிது, பணியாட்களும் உண்டு. குடிசைக்கு வகுத்த அளவையே கடைக்கும் வகுத்தபோது அவர்கள் ஒப்பவில்லை. தங்களை எண்ணியவர்களும் தங்களுக்காகப் பேசுவதாகச் சொன்னவர்களும் குடிசைவாசிகளின் அமைப்பினர். தங்கள் பிழைப்பு அவர்களுக்கு விளங்காது என்பது கடைக்காரர்களின் மனக்குறை. 2004-இல் உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டனர். கணக்கெடுப்பில் குறை உண்டு, கடைக்காரர் நிலை சரிவரக் கருதப்படவில்லை, முறையீட்டைக் கேட்கும் ஏற்பாடும் போதாது என்று அக்குழு கண்டது. 2006 மார்ச்சில் சாலை, மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கான பணத்தை வங்கி நிறுத்தி வைத்தது; சில திங்கள் கழிந்தே விடுவித்தது.

அற்புதத்தின் தொண்டைச் சிறுமைப்படுத்துவது நம் நோக்கம் அன்று. அவருக்கு 2000-இல் மகசேசே விருது வழங்கப்பெற்றது தக்கதே. 2018-இல் அவர் மறைந்தபோது நாமும் வருந்தினோம். ஆயினும் ‘நாம்’ என்னும் வட்டத்துக்கு ஓர் எல்லை உண்டு. குடிசையில் வாழும் தொழிலாளி அவ்வட்டத்துள் இருந்தார். பெரிய கடைக்காரர் இல்லை. வட்டத்துக்கு வெளியே நிற்பவரிடம் ‘உமக்காகவும் நாங்களே பேசுகிறோம்’ என்று சொல்லப்பட்டபோதுதான் தகராறு பிறந்தது. இத்தகைய முறிவைப் பணத்தால் மட்டும் ஒட்டவைக்க இயலாது. இழப்பீட்டைக் கூட்டிய பின்னும் ‘நீர் எங்களில் ஒருவர் அல்லர்’ என்பது அப்படியே நிற்கும். அவர்களுக்கென்று தனிப் பேச்சு, தனிக் கணக்கு என்று தொடங்குவதே வழி.

இனித் தாராவி அன்பருக்கு வருவோம். அளவெடுக்க வருபவர் உம் உறவினர் அல்லர். அவரிடம் அன்பை எதிர்பாராதீர். கணக்கையே பாரும். கதவில் எழுதும் எண், எடுத்த அளவு, நீர் கொடுத்த தாள்களின் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் கேளும். 2000 சனவரி முதல் நாளுக்கு முன் குடியேறியதற்கான சான்று எது எதை ஏற்றுக்கொண்டனர் என்பதும் அதில் இருக்கட்டும். முதலில் யார் எங்கே மாற்றப்படுகின்றனர், அவர்களுக்குச் சொன்னபடி கிடைத்ததா என்று நேரிற் சென்று பார்த்து வாரும்.

கமிட்டி ஊர்க்காரரைப் பற்றி ஒரு சொல். நம்மூர்க்காரரிடம் ரசீது கேட்பது அவமதிப்பு என்னும் கூச்சம் நம்மிடம் பெரிது. நாமும் அதற்கு விலக்கல்லோம். ஆனால் அவருக்கு இருப்பது வீடு மட்டுமே. உமக்கோ வீட்டோடு தையற்கூடமும் உண்டு. கீழே கூடம், மேலே குடியிருப்பு என்னும் உம் நிலையில் அவர் இல்லை. அவர் நல்லவராயிருந்தும், உம் கூடத்தின் அளவும் மூன்று தையல் இயந்திரங்களும் அவர் நினைவுக்கு வாராமற் போகலாம். ஆகவே உம்மைப் போல் கூடம் வைத்திருப்போர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு கமிட்டிக்கு வாரும். கூடங்களுக்கென்று ஒரு தனிப் பட்டியல் எழுதி, அதைச் சந்தில் உரக்கப் படிக்கச் சொல்லும். அவர் முகம் சுளித்தால், குர்லாக் கடைக்காரர் கதையைத் தேநீர் அருந்திக்கொண்டே சொல்லும். வேண்டுமாயின் நாமும் உடன் வருகிறோம்.