அரசு வேலைக்கு இனி பென்ஷன் இல்லை: மிச்சம் எப்போது, சுமை யாருக்கு?

"அரசாங்க வேலை கிடைத்தால் கடைசிவரை பென்ஷன் உண்டு" என்று சொல்லித்தான் புக்கிட் ரோத்தான் வட்டாரத் தோட்டங்களில் பல பெற்றோர் பிள்ளைகளை ஆசிரியராகவும் தாதியராகவும் ஆக்கினார்கள். 2024 பிப்ரவரி 1-க்குப் பிறகு அரசுப் பணியில் சேர்பவர்களுக்கு அந்த உறுதி இல்லை. தோட்டத் தொழிலாளர்களைப் போல அவர்களுக்கும் இனி இபிஎஃப்தான்.

வித்தியாசத்தை ஒரு கணக்கில் பார்ப்போம். பழைய திட்டத்தில் ஓர் ஆசிரியர் 30 ஆண்டு, அதாவது 360 மாதம் பணியாற்றி, 6,000 ரிங்கிட் அடிப்படைச் சம்பளத்தில் 60 வயதில் ஓய்வு பெறுகிறார். கடைசிச் சம்பளத்தைப் பணி மாதங்களால் பெருக்கி 600-ஆல் வகுத்தால் மாதப் பென்ஷன் 3,600 ரிங்கிட். பணிக்கொடையாக 1 லட்சத்து 62 ஆயிரம் ரிங்கிட் தனியாகக் கிடைக்கும். சம்பளத்தில் அவர் ஒரு சென் சந்தாவும் கட்டியதில்லை. அவர் இறந்தால் துணைக்கும் பென்ஷன் உண்டு.

அதே ஆசிரியர் இபிஎஃப்பில் இருந்தால்? சம்பளம் 2,000 ரிங்கிட்டிலிருந்து சீராக 6,000 வரை உயர்ந்தது, அவர் 11 விழுக்காடும் முதலாளி 12 முதல் 13 விழுக்காடும் கட்டினார்கள், லாப ஈவு 5 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஓய்வின்போது சுமார் 6 லட்சத்து 60 ஆயிரம் சேர்ந்திருக்கும். பணிக்கொடை அளவுக்கு முதலிலேயே எடுத்துவிட்டு, மாதம் 3,600 எடுத்து வந்தால், பணம் 78 வயதுக்குள் தீர்ந்துவிடும். 80-ஐத் தாண்டினால்? முன்பு அந்தப் பொறுப்பு அரசாங்கத்தினுடையது. இனி அது ஊழியருடையது. 5 விழுக்காடும் உறுதியல்ல. வழக்கமான கணக்குக்குச் சட்டம் உறுதி தருவது 2.5 விழுக்காடு மட்டுமே. ஆனால், வேலையை இடையில் விட்டாலும் இபிஎஃப் பணம் போகாது. மீதி இருந்தால் வாரிசுக்கு வரும்.

அரசாங்கம் ஏன் மாறியது? பென்ஷனுக்கு ஆண்டுக்கு 30 பில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் செலவாகிறது. 2040-இல் அது 120 பில்லியனாகும் என்று துணைப் பிரதமர் அமாட் சாஹிட் சொன்னார். அந்தச் செலவுக்காக 2007-இல் அமைத்த ஓய்வூதிய நிதியான குவாப் இருந்தாலும், பெரும்பாலும் அந்தந்த ஆண்டின் வரிப்பணத்திலிருந்தே பென்ஷன் போகிறது.

ஆனால், மிச்சம் உடனே வராது. 2023-இல் 25 வயதில் சேர்ந்தவர் 2058-இல்தான் ஓய்வு பெறுவார். அவருக்கும் துணைக்கும் அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் பென்ஷன் கொடுக்க வேண்டும். அதுவரை பழையவர்களின் பென்ஷனும் புதியவர்களின் சந்தாவும் ஒரே வரவு செலவுத் திட்டத்தில்தான் விழும். சுமை குறைவதற்கு முன் கூடவே செய்யும்.

இந்தியா 2004-இல் இதே வழியில் போனது. 2025 ஏப்ரலில், 25 ஆண்டு பணியாற்றியவர்களுக்குக் கடைசி 12 மாதச் சராசரி அடிப்படைச் சம்பளத்தில் பாதியை உறுதி செய்யும் திட்டத்தையும் மத்திய அரசு சேர்த்துக்கொண்டது. முதுமைக்கு உறுதி வேண்டும் என்ற கேள்வி அங்கே மீண்டும் எழுந்தது. 2024-க்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஓய்வு பெறும்போது இங்கேயும் எழும்.