வேகத்தைச் சொல்கிறீர்கள், நிபந்தனையை ஏன் விழுங்குகிறீர்கள்?

"மூன்று மூலைவிட்டம்தானே, கண்ணை மூடிக்கொண்டு தாமஸ் முறையைப் போடு" என்று பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். தவறு!

வேகம் உண்மைதான். ஒவ்வொரு வரியிலும் ஒரே உறுப்பைத்தான் நீக்குகிறோம். ஆயிரம் சமன்பாட்டுக்குச் சாதாரண நீக்கலில் சுமார் 67 கோடி கணக்கீடு. இதில் சுமார் 8,000 போதும்.

ஆனால் இதைப் போட்டுப் பாருங்கள்: x+y=2, x+y+z=3, y+z=2. விடை மூன்றும் 1. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் y-இன் கெழு பூச்சியம். அடுத்த படியில் அதால்தான் வகுக்க வேண்டும். முறை அங்கேயே படுத்துவிடும்!

காரணம், நடு வரியில் மூலைவிட்ட எண் 1. பக்கத்து எண்களின் கூட்டுத்தொகை 2. குறியைப் பார்க்காமல், எல்லா வரியிலும் மூலைவிட்ட எண்ணே அந்தக் கூட்டுத்தொகையைவிடப் பெரிதாக இருந்தால் வகுக்கும் எண் பூச்சியமாகாது, பிழையும் பெருகாது.

முதலில் அதைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். பொருந்தாவிட்டால் வரிகளை இடம் மாற்றிப் போடும் முறையைக் கற்றுக்கொடுங்கள்.